ஒரே பசு, இரண்டு விதி

வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2007-இல் கிராமங்களின் பரம ஏழைப் பெண்களுக்கு, பெரும்பாலும் பசுவாக, ஒரே ஒருமுறை சொத்து கொடுத்தது. வளர்க்கப் பயிற்சியும் தந்தது. பெற்றது ஒன்றேயானாலும், சிலர் ஆண்டுக்காண்டு முன்னேறினார்கள். சிலர் பழைய நிலைக்கே சரிந்தார்கள். ஏன்?

வீட்டிலிருந்த முதல்தான் காரணம். பசு மட்டும் போதாது. கொட்டகை வேண்டும், தீவனம் கொண்டுவர வண்டி வேண்டும், கொஞ்சம் நிலம் இருந்தால் நல்லது. கொட்டகையும் வண்டியும் பாதியாக வாங்கக்கூடியவை அல்ல. இல்லாதவர் வீட்டில் பசுவின் வருமானம் குறைவு. தேய்மானமும் அவசரச் செலவும் அதைத் தின்றுவிடும், முதல் சுருங்கும். இருப்பவர் வீட்டில் வருமானம் செலவை மிஞ்சும், மிச்சம் மீண்டும் முதலாகும்.

ஆக, முதல் வந்து நிலைக்கும் இடங்கள் இரண்டு: கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் உள்ளது வாசல் அளவு. அங்கே வரவும் இழப்பும் சமம்தான், ஆனால் மேட்டின் உச்சியில் வைத்த பந்துபோல. சற்று நகர்ந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் உருண்டுவிடும்.

உதவி ஒருமுறையே போதுமானதாவது இதனால்தான். வாசலைத் தாண்டிவிட்டால் பிறகு குடும்பத்தின் சொந்த மிச்சமே மேலே ஏற்றும். அதே தொகையைச் சிறுசிறு தவணைகளாகக் கொடுத்தால், ஒவ்வொன்றும் வாசலுக்கு முன்பே கரையலாம். பிராக் திட்டத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைப் பசு வாசல்வரை கொண்டுசேர்க்கவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பயிற்சியைவிடப் பெரிய தொகை என்றே எனக்குத் தோன்றுகிறது.