டிக்-டாக் சமமா?

போடியிலிருந்து போடிமெட்டு ஏலத்தோட்ட வீட்டுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நின்னு போச்சுன்னா, "மலைக் குளிருப்பா" என்பார்கள். நண்பர்களே, 1000 மீட்டர் ஏறினால் புவியீர்ப்பு குறைந்து நாளுக்குச் சுமார் 10 விநாடி பிந்தும், அவ்வளவுதான். நிறுத்துவது பெரும்பாலும் மாட்டிய சாய்வு.

நான் முதலில் காதைத்தான் வைப்பேன். டிக்... டாக் நொண்டினால், பல்சக்கரம் விடுபட ஊசல் ஒரு பக்கம் அதிகம் ஆடவேண்டியிருக்கிறது என்று பொருள். ஆட்டம் சற்றுக் குறைந்ததும் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பக்கத்தை இடமோ வலமோ நூலளவு நகர்த்துங்கள். சத்தம் சமமாகும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். ரசமட்டம் வேறு சொன்னாலும் காதையே நம்புங்கள்.

நேரம் திருத்துவது பிறகுதான். T = 2π√(L/g) படி, 25 சென்டிமீட்டர் ஊசலில் நாளுக்கு ஒரு நிமிடம் திருத்த 0.35 மில்லிமீட்டர் போதும். நான் பார்த்த ஒன்று நாளுக்கு 4 நிமிடம் பிந்தியது. குண்டை 1.4 மில்லிமீட்டர் ஏத்தணும். அடி நட்டு ஒரு சுற்றுக்கு 0.7 ஏறும் என்பதால் இரண்டே சுற்று. குண்டைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். இல்லையேல் மேலேயுள்ள மெல்லிய தகட்டுவில் முறுக்கிக்கொள்ளும். 24 மணி நேரம் ஓடவிட்டே மறுபடி பார்க்கணும்.