வைப்பர் டேங்க்கில் வெறும் தண்ணீர் போதுமா?

மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பியிருக்கும்போது நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். கண்ணாடியில் பட்டுச் சிதறியதைக் கழுவலாம் என்று தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரைப் போட்டால், இருந்த தெளிவும் போய்விடும். பூச்சியின் உடலில் புரதமும் கொழுப்பும் உண்டு. முன்னால் போகிற லாரியின் டீசல் புகை படிந்ததிலும் எண்ணெய்ப் பசை இருக்கும். வெறும் தண்ணீர் இவற்றைக் கரைக்காது. வைப்பர் ரப்பர் அதை அப்படியே கண்ணாடி முழுக்க மெழுகிவிடும். எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் அந்தப் படலத்தில் பட்டுச் சிதறினால் சாலையே தெரியாது.

இந்தத் தண்ணீர் தீரப்போகிறது என்பதைச் சொல்லத்தான் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. விசிறி போல விரிந்த கண்ணாடி வடிவம், அதன் அடியிலிருந்து இரு பக்கமும் பிரிந்து தெறிக்கும் புள்ளிக்கோடுகள். சிவப்பு விளக்கு அல்ல என்பதால் உடனே ஓரங்கட்ட வேண்டியதில்லை. பல சின்னக் கார்களில் இந்த விளக்கே கிடையாது. பீய்ச்சுவது நின்ற பிறகுதான் தெரியவரும்.

விளக்கு எரிந்ததும் நம்மில் பலர் செய்வது, ஒரு பாட்டில் போர் தண்ணீரை ஊற்றி மூடுவதுதான். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கத்தானே மருந்து கலக்கிறார்கள், நமக்கெதற்கு என்று கேட்பார்கள். நமக்கு உறைவது பிரச்சினையே இல்லை, உப்புதான் பிரச்சினை. ஊசிமுனை அளவுள்ள நாசில் துளையில் ஒரு சொட்டு போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு மிஞ்சும். பாத்ரூம் குழாயில் படிகிறதே, அதேதான். நாளாக ஆகத் துளை சிறுத்து, பீய்ச்சல் கோணிக்கொண்டு கூரைமேல் போகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிலர் சிக்கனம் என்று இதில் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. நிமோனியா போன்ற கடும் நுரையீரல் நோயைத் தரும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா, வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் பெருகும். 2010இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், வெறும் தண்ணீர் ஊற்றிய கார்களில் ஐந்தில் ஒன்றில் அதன் தடயம் இருந்தது. கழுவும் திரவம் கலந்த கார்களில் இல்லை. நம் ஊர்க் கோடையில் பானெட்டுக்குள் இருக்கும் டேங்க் அந்த நாட்டை விடச் சூடாகத்தான் இருக்கும்.

கலப்பது எளிது. ஆக்சஸரி கடைகளில் கண்ணாடி கழுவும் திரவம் அடர்த்தியாக விற்கிறது. எவ்வளவு கலக்க வேண்டும் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், லேபிளைப் பார்க்கவேண்டும். ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். டேங்க் இரண்டரை லிட்டர், அதில் அரை லிட்டர் மிச்சம் என்றால் ஊற்ற வேண்டியது இரண்டு லிட்டர். அதற்கு 40 மில்லி போதும். மிச்சமிருப்பது வெறும் தண்ணீர் என்றால் அதையும் கணக்கில் சேர்த்து 50 மில்லி. வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் இதற்கு நல்லது. தனி பாட்டிலில் கலக்கிக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

பாத்திரம் கழுவும் திரவமும் தலைக்குப் போடும் ஷாம்பும் வேண்டாம். நுரை தள்ளும், காய்ந்தால் அதுவே ஒரு படலமாகும்.

ஊற்றும் இடத்தில்தான் கவனம் தேவை. கண்ணாடிப் படம் போட்ட மெல்லிய மூடியைத் தேடுங்கள். பெரும்பாலும் நகத்தால் நெம்பினாலே திறக்கும். பக்கத்தில் திருகுமூடியும் மேல், கீழ் அளவுக்கோடுகளும் உள்ள டப்பா கூலன்ட்டுக்கு உரியது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தவறி அதில் ஊற்றிவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நிரப்பிய பின்னும் பீய்ச்சவில்லையா? ஸ்விட்சை இழுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சத்தம் வந்தால் நாசில் அடைத்திருக்கும் அல்லது குழாய் கழன்றிருக்கும். மெல்லிய ஊசியால் துளையை மெதுவாகக் குத்திப் பார்க்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது மோட்டார். தண்ணீர் இல்லாமல் ஸ்விட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த மோட்டார் சூடேறிக் கெடும். அதை மாற்றும் செலவில் பல பாட்டில் திரவம் வாங்கிவிடலாம்.