கட்டடக்கலை மாணவனின் படைப்புக் கோவை

இலங்கையிற் கட்டடக்கலை பயில விழைவோர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பிரித்தானியக் கட்டடக்கலைக் கல்லூரிகள் பலவோ, மாணவர் தாமே செய்த வேலைகளின் தொகுப்பொன்றைக் கேட்கின்றன. படைப்புக் கோவை என்பது அதுவே.

இதனைத் தயாரிப்போர் பலர் ஒரே தவறைச் செய்கின்றனர். கோயிற் கோபுரம், முதியவர் முகம், கடலில் மறையும் ஞாயிறு என முடிந்த ஓவியங்களையே அடுக்கிவிடுகின்றனர். அவை கைத்திறனைக் காட்டும், சிந்தனையைக் காட்டா. ஆதலின் பல படங்களை விடுத்து, மூன்று நான்கு வேலைகளைத் தெரிந்து, ஒவ்வொன்றும் பிறந்து வளர்ந்த வழியைக் காட்டுதலே நன்று.

ஓர் உதாரணத்தைக் கருதுக. கிழக்கு நோக்கிய பஸ் தரிப்பிடமொன்றிற் காலை வெயில் முகத்தில் அடிப்பதை ஒரு மாணவி காண்கிறாள். கூரையின் முன்விளிம்பு 2.4 மீற்றர் உயரத்தில் உள்ளது; அது இருக்கைக்கு முன்னே 1.2 மீற்றர் நீண்டு நிற்கிறது. எட்டு மணியளவில் ஞாயிறு அடிவானிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது இருக்கையருகே, விளிம்பிலிருந்து கீழே 0.7 மீற்றர் வரையே நிழல் விழும். அமர்ந்திருப்பவரின் முகம் வெயிலிலேயே இருக்கும். கூரை நீட்சியை இரட்டித்தாலும் நிழல் 1.4 மீற்றரே இறங்கும். முகம் தப்பும், மடி தப்பாது. மேலும் கூரை வீதிக்கு மேலே நீண்டுவிடும்.

இதனை அவள் இருபதில் ஒரு பங்கு அளவில் மட்டையினாற் செய்து, விளக்கொளியிற் சோதிக்கிறாள். இரண்டாம் முயற்சியாக முன்புறம் முழுவதும் துளைச்சுவர் எழுப்புகிறாள். நிழல் கிடைக்கிறது, வரும் பஸ் தெரியவில்லை. பஸ் தெற்கிலிருந்து வருவதால், மூன்றாம் முயற்சியிற் சுவரை வடக்குப் பாதியில் மட்டும் நிறுத்துகிறாள். அதன் பின்னே அமர்வோர் நிழலில் இருந்தவாறே தெற்கே பார்க்கலாம். டிசெம்பர் மாதத்தில் ஞாயிறு தென்கிழக்கில் எழுவதால் அப்போது சிறிது வெயில் நுழையும். அக்குறையையும் அவள் எழுதிவைக்கிறாள்.

கோவையில் இடம்பெற வேண்டியவை இவையே: தரிப்பிடத்திற் கண்டதன் விரைவு வரைபு, அளவுகள், கைவிட்ட இரு மாதிரிகளின் நிழற்படம், இறுதி மாதிரி. ஒவ்வொன்றின் கீழும், எதை முயன்றாள், ஏன் கைவிட்டாள் என இரண்டு வரி போதும். தோல்வியுற்ற மாதிரியை வெட்கத்தால் நீக்கினால், எஞ்சுவது காரணம் தெரியாத ஓர் அழகிய தரிப்பிடமே. ஆசிரியரோ நண்பரோ உதவியிருந்தால், எப்பகுதி தன்னுடையது என்பதைக் குறித்தலும் வேண்டும்.

நேர்முகப் பரீட்சையில், “சுவர் ஏன் பாதியில் நிற்கிறது?” என்ற வினா எழலாம். “அழகாயிருந்தது” என்பவன் அங்கே நின்றுவிடுவான். “பஸ் தெற்கிலிருந்து வருகிறது” என்று சொல்லக்கூடியவள் தன் சிந்தனையை விளக்கிவிட்டாள்.