ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி?

கையால் பின்னும் ஸ்வெட்டரின் அளவு, ஊசியில் முதல் கண்ணியை ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது. துணி தைப்பவர் தையலைப் பிரித்து இரண்டு அங்குலம் கூட்டலாம், குறைக்கலாம். பின்னலில் அந்த வசதி இல்லை. உடற்பகுதியின் அகலத்தை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் பிரித்துவிட்டு மீண்டும் பின்ன வேண்டியதுதான். அதனால் மார்பளவு, தளர்வு, கண்ணி அடர்த்தி ஆகிய மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மார்பளவை அக்குளுக்குச் சற்றுக் கீழே, மார்பின் மிகப் பருத்த இடத்தைச் சுற்றி எடுப்பார்கள். டேப் முதுகுப்புறம் இறங்காமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும், இறுக்கவும் கூடாது. உள்ளே எந்தச் சட்டையுடன் ஸ்வெட்டர் அணியப்படுமோ, அதன் மேலேயே அளப்பது நல்லது.

உடலின் அளவும் ஸ்வெட்டரின் அளவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தளர்வு. உடம்பை ஒட்டி நிற்க 2 முதல் 5 செ.மீ., வழக்கமான ஸ்வெட்டருக்கு 5 முதல் 10 செ.மீ., தொளதொளவென்று இருக்க 10 முதல் 15 செ.மீ. கூட்டுவது பொதுவான கணக்கு. நூல் பருமனாக இருந்தால் தளர்வும் கூட வேண்டும். பின்னல் 4 மி.மீ. தடிமனாக இருந்தால், வெளிச்சுற்றைவிட உட்சுற்று சுமார் 2.5 செ.மீ. குறைவாக இருக்கும். எவ்வளவு தளர்வு பிடிக்கும் என்று தெரியாதவர், தனக்குப் பொருத்தமாக இருக்கும் பழைய ஸ்வெட்டரை மேசையில் விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கலாம். அதிலிருந்து மார்பளவைக் கழித்தால் விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, கண்ணி அடர்த்தி. 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்பதே இது. ஒரே நூலையும் ஒரே ஊசியையும் கொடுத்தாலும் ஆளுக்கு ஆள் கைப்பிடிப்பு மாறும் என்பதால், நூல் உறையில் அச்சிட்டுள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்வெட்டருக்கான அதே நூல், அதே ஊசி, அதே பின்னல் வகையில் சுமார் 15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். அதை ஸ்வெட்டரைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்து, தொங்கவிடாமல், இழுக்காமல் படுக்கையாகக் காயவைக்க வேண்டும். ஓரக் கண்ணிகள் உருமாறி இருக்கும் என்பதால், நடுவில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, இடையிலுள்ள கண்ணிகளை எண்ணுவார்கள். அரைக் கண்ணியையும் விடாமல் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மார்பளவு 96 செ.மீ. உள்ளவருக்கு வழக்கமான ஸ்வெட்டர் ஒன்றைக் கணக்கிடலாம். தளர்வு 8 செ.மீ. சேர்த்தால் ஸ்வெட்டரின் சுற்றளவு 104 செ.மீ. துவைத்த மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, அதாவது ஒரு செ.மீ.க்கு 2.2 கண்ணி. 104-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 228.8 வரும். அடியில் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று பட்டி பின்னுவதானால், எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். எனவே வட்ட ஊசியில் ஏற்ற வேண்டியது 228 கண்ணி. முன்பக்கம், பின்பக்கம் எனத் தனித்தனியாகப் பின்னி இணைப்பவர், பாதியான 114-உடன் தையலுக்குள் மறைய இருபுறமும் ஒவ்வொரு கண்ணி சேர்த்து 116 ஏற்றுவார். பட்டியின் நிட், பர்ல் வரிசையை அந்த எண்ணுக்கேற்ப ஓரங்களில் சரிசெய்துகொள்வார்.

சிறு பிழையும் சுற்றளவு முழுவதும் பெருகும். துவைப்பதற்கு முன் அதே துண்டில் 23 கண்ணி இருந்திருந்தால், அந்த எண்ணை நம்பியவர் 240 கண்ணி ஏற்றியிருப்பார். துவைத்தபின் ஸ்வெட்டர் 109 செ.மீ. ஆகியிருக்கும். மற்றொரு பிழை, தட்டையாகப் பின்னிய துண்டை வைத்து வட்டப் பின்னலுக்குக் கணக்குப் போடுவது. பலருக்குப் பர்ல் வரிசை சற்றுத் தளர்ந்தே விழும். வட்டத்தில் வெறும் நிட் மட்டும் பின்னும்போது கண்ணிகள் நெருங்கி, ஸ்வெட்டர் இறுகிவிடும்.

வாங்கிய வடிவப்படத்தில் சொன்னதைவிட மாதிரித் துண்டில் கண்ணி அதிகமாக இருந்தால் ஒரு அளவு பெரிய ஊசிக்கும், குறைவாக இருந்தால் சிறிய ஊசிக்கும் மாறி மீண்டும் பின்னிப் பார்க்க வேண்டும். கையை வலிந்து இறுக்கியோ தளர்த்தியோ பின்னினால் பாதியில் பழைய பழக்கம் திரும்பிவிடும்.

பட்டிக்கு மேல் 10 செ.மீ. வளர்ந்ததும் அடர்த்தியை மீண்டும் ஒருமுறை எண்ணுவது அவசியம். பெரிய பின்னலில் கை தளர்வது சகஜம். துவைக்காத மாதிரித் துண்டில் கிடைத்த எண்ணோடு இதை ஒப்பிட்டு, ஒரு கண்ணி வித்தியாசம் தெரிந்தாலும் அங்கேயே நிறுத்திப் பிரிப்பது, அக்குள் வரை பின்னிவிட்டுப் பிரிப்பதைவிட எளிது.