பட்டியலில் இருந்தால்தான் அழைப்பு போகும்

ஊரில் தனியாக இருக்கும் அம்மா, மிஸ்டு கால் வந்த எண்ணுக்கெல்லாம் திருப்பி அழைத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தடுக்க ஆப் எதுவும் தேவையில்லை. சிம் கார்டிலேயே எஃப்.டி.என். என்றொரு வசதி இருக்கிறது. அதை இயக்கினால், நாம் எழுதிவைத்த எண்களுக்கு மட்டுமே அழைப்பு போகும்; வரும் அழைப்புகளுக்குத் தடையில்லை. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில், அழைப்பு அமைப்புகளுக்குள் Fixed Dialing Numbers என்ற பெயரில் இருக்கும்.

பட்டியல் போடுவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். டயல் செய்த எண்ணைப் பட்டியலோடு இடமிருந்து, இலக்கம் இலக்கமாகப் பொருத்திப் பார்ப்பதுதான் முறை. மகனின் எண்ணைப் பட்டியலில் +91 சேர்த்து எழுதிவிட்டு, அம்மா வெறும் பத்து இலக்கங்களை அழுத்தினால், பல ஃபோன்கள் அதை வேறு எண்ணாகவே எடுத்துக்கொண்டு மறுத்துவிடும். இரண்டு வடிவத்திலும் எழுதிவைப்பதே பாதுகாப்பு. பட்டியலில் உள்ள எண்ணுக்குப் பின்னால் இலக்கங்களைச் சேர்த்து அழைக்கவும் விதி இடம் தருகிறது. 044 என்று மட்டும் எழுதினால், அந்தக் குறியீட்டோடு அழைக்கும் சென்னைத் தரைவழி எண்கள் எல்லாம் திறந்துவிடும். கடை ஃபோனுக்கு இது வசதி. ஆனால் செல் எண்ணைப் பாதியில் விட்டால், அந்த இலக்கங்களில் தொடங்கும் முன்பின் தெரியாத எண்களுக்கும் வழி கிடைத்துவிடும்.

112க்கு எப்போதும் அழைக்கலாம். 108ஐ அப்படி நம்பியிருக்க வேண்டாம், பட்டியலில் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

எஸ்.எம்.எஸ். அனுப்ப, பெறுபவர் எண்ணோடு மெசேஜ் சென்டர் எண்ணும் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் அனுப்பும் ஆப் சிம்மைச் சரிபார்க்க அனுப்பும் எஸ்.எம்.எஸ். தடைபடுவது இதனால்தான். அந்த நேரத்துக்கு எஃப்.டி.என்.-ஐ நிறுத்திவைத்தால் போதும். வாட்ஸ்அப் அழைப்பையும், இரண்டாவது சிம்மில் போகும் அழைப்பையும் இது தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இயக்க, நிறுத்த, பட்டியலைத் திருத்த எல்லாவற்றுக்கும் பின்2 வேண்டும். ஃபோனை ஆன் செய்யும்போது கேட்கும் பின் வேறு, இது வேறு. தெரியாவிட்டால் சிம் நிறுவனத்திடம் கேளுங்கள். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். தொடர்ந்து மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். அப்போது நிறுவனத்திடம் எட்டு இலக்க பி.யு.கே.2 எண்ணை வாங்கி, இப்படி அழுத்த வேண்டும்:

```
**052*PUK2*புதிய PIN2*புதிய PIN2#
```

அதையும் பத்து முறை தவறாகப் போட்டால், அந்தச் சிம்மில் பட்டியலை இனித் திருத்தவே முடியாது. பேசுவதற்குச் சிம் பயன்படும், ஆனால் பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் புது சிம்தான். ஆகவே பின்2 எண்ணை அம்மாவிடம் கொடுக்காமல், குடும்பத்தில் இன்னொருவரிடமும் எழுதிக் கொடுத்துவையுங்கள். எஃப்.டி.என்.-ஐ இயக்கியதும், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் அம்மா வழக்கமாக அழைக்கும் விதத்திலேயே ஒருமுறை அழைக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.