பள்ளி வாசல் கேமரா: பதிவை யார் பார்க்கலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வீட்டுக்கு வரும் சுற்றறிக்கையில் சீருடை, ஷூ, வேன் கட்டணம் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி இருக்கும்: 'மாணவர் பாதுகாப்புக் கருதி நுழைவாயிலில் சிசிடிவி கேமரா பொருத்தப்பட்டுள்ளது.' பெற்றோரும் நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வாசலில் ஏதாவது நடந்து, 'அந்தப் பதிவைக் காட்டுங்கள்' என்று போய் நிற்கும் நாளில்தான் சிக்கல் தொடங்கும். பதிவு எத்தனை நாள் இருக்கும், அதை யார் பார்க்கலாம், நகல் தருவார்களா என்று அந்த வரியில் ஒன்றுமே இருக்காது.

ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். கற்பனைதான் என்றாலும் எந்த ஊர்ப் பள்ளி வாசலிலும் நடக்கக்கூடியது. மாலை 3.50 மணி. பள்ளி விட்ட நெரிசலில் ஒரு ஸ்கூட்டர் இரண்டாம் வகுப்புப் பையனை இடித்துவிட்டுப் போய்விடுகிறது. முழங்கையில் சிராய்ப்பு. இரவு வீக்கம் கண்டு, எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் விரிசல். மறுநாள் காலையில் அம்மா தலைமையாசிரியர் அறைக்கு வந்து, "அந்த வீடியோவை என் போனுக்கு அனுப்புங்க மேடம்" என்கிறார்.

அனுப்பக் கூடாது. ஆனால் மறுப்பதோடு பள்ளியின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை.

முதல் வேலை, பதிவு அழியாமல் காப்பாற்றுவது. கேமரா பிடிப்பதெல்லாம் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் சேர்கிறது. டிஸ்க் நிரம்பியதும் பழைய நாள்களின் மேலேயே புதிய நாள் பதிவாகிவிடும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, தானாகவே போய்விடும். சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 20 ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். நான்கு கேமரா என்றால் 85 ஜிபியைத் தாண்டும். 1 டிபி டிஸ்க் போட்டிருந்தால் பதினோரு நாள் பதிவு தங்கும், அவ்வளவுதான். சிபிஎஸ்இ 2025 ஜூலையில் தன் இணைப்பு விதிகளைத் திருத்தி, குறைந்தது 15 நாள் பதிவு இருக்க வேண்டும் என்றது. மேலே சொன்ன நான்கு கேமராப் பள்ளி அந்த விதிக்கு உட்பட்டதானால் 2 டிபி டிஸ்க்காவது வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளை இந்த சிபிஎஸ்இ விதி கட்டுப்படுத்தாது. 'உங்கள் பள்ளியில் எத்தனை நாள் இருக்கும்?' என்று பெற்றோர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே அம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்: தேதி, நேரம், எந்த வாசல், என்ன நடந்தது, தன் பிள்ளையின் பெயரும் வகுப்பும். பள்ளி அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, அன்றே அந்தப் பகுதியை மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து, உறையிலிட்டு, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். கடிதத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டால், பார்க்கும்போது பதிவே இருக்காது.

இரண்டாவது, நேரம். டிவிஆர் கடிகாரம் பெரும்பாலும் யாரும் சீண்டாத கடிகாரம். மாதத்துக்கு ஒன்றிரண்டு நிமிடமாக விலகி, ஒரு வருடத்தில் பத்து நிமிடத்துக்கும் மேல் முன்னோ பின்னோ போயிருக்கும். 3.50 பதிவைத் தேடினால் காலியான வாசல் தெரியும். உடனே 'அழித்துவிட்டார்கள்' என்று சந்தேகம் கிளம்பும். டிவிஆர் காட்டும் நேரத்தையும் கைப்பேசி காட்டும் நேரத்தையும் பக்கத்தில் வைத்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று முதலில் எழுதிக்கொண்டால் இந்தச் சண்டையே வராது.

பிறகு பார்ப்பது. தலைமையாசிரியர் அறையில், அவரும் இன்னொரு ஊழியரும் உடனிருக்க, 3.45 முதல் 3.55 வரையிலான பத்து நிமிடம் மட்டும். கைப்பேசியில் படம் பிடிக்கக் கூடாது. யார் பார்த்தார், எந்த நாள், எந்த நேரப் பகுதி, எதற்காக என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தப் பதிவேடு இல்லாத பள்ளியில், பதிவை யார் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது.

தன் பிள்ளை அடிபட்ட பதிவைத் தாய்க்குக் கொடுக்க மறுப்பது அநியாயமாகத் தோன்றும். எனக்கும் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் பிள்ளை மட்டும் இல்லை. நூறு பிள்ளைகளாவது வாசலைக் கடக்கிறார்கள். எந்தப் பிள்ளை எந்த ஆட்டோவில் ஏறுகிறது, யாரை யார் அழைத்துப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை விழுந்தால் இரவுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். ஸ்கூட்டர்க்காரரைத் தேடும் ஆவேசத்தில் பகிரப்படும் வீடியோ, நூறு வீட்டுப் பிள்ளைகளின் அன்றாட நடமாட்டத்தை அறிமுகமில்லாதவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டத்தின் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டிருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் நடமாட்டத்தைப் பின்தொடர்வதையும் நடத்தையைக் கண்காணிப்பதையும் இந்தச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் அது கல்விப் பணிகளுக்கும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் மட்டுமே. பாதுகாப்புக்காக எடுத்த பதிவை விளம்பரப் படத்துக்கு எடுத்துக்கொள்ள இந்த விலக்கு இடம் தராது.

பெற்றோர் எதிர்பார்க்கும் ஒன்று மட்டும் இந்தச் சட்டத்தில் இல்லை. தன்னைப் பற்றி என்ன தரவு கையாளப்படுகிறது என்பதன் சுருக்கத்தைக் கேட்க அது வழி செய்கிறது. வீடியோவின் நகலைத் தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே பதிவைப் பார்க்கும் வழி பெரும்பாலும் பள்ளி தானே எழுதி வைக்கும் விதிதான். அந்த ஒற்றை வரிச் சுற்றறிக்கை போதாது என்பது இதனால்தான்.

நம் கதைக்கு வருவோம். பதிவில் ஸ்கூட்டர் தெரிகிறது; நம்பர் பிளேட் தெரியவில்லை. வாசல் மேற்கு நோக்கியிருந்தால் மாலை வெயில் நேரே கேமராவில் அடித்து, ஆள்கள் கறுப்பு நிழலாகத்தான் விழுவார்கள். நன்றாக விழுந்தாலும், வாசல் முழுவதையும் அகலமாகப் பிடிக்கும் கேமராவில் தள்ளிப் போகும் நம்பர் எழுத்துகள் குழம்பிவிடும். சினிமாவில் வருவதுபோல் பெரிதாக்கிக்கொண்டே போனால் எழுத்து தெளியாது, கட்டம் கட்டமாகத்தான் உடையும். நம்பர் வேண்டுமென்றால் அதற்கென்று தாழ்வாக, குறுகிய கோணத்தில் இன்னொரு கேமரா வேண்டும்.

அம்மா காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். இப்போது நகல் கிடைக்கும், காவல் துறைக்கு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்து மூலம் கேட்டால் பள்ளி கொடுக்க வேண்டும். சீருடையில் வந்து வாய்மொழியாகக் கேட்டாலும், அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வைப்பது பள்ளியின் கடமை. நகலோடு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் போக வேண்டும். அதில் ஹாஷ் எனப்படும் நீண்ட எண் ஒன்று இருக்கும். வீடியோவில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், நீதிமன்றத்துக்கு வந்தது பள்ளியில் எடுத்ததுதானா என்று சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ இந்தச் சோதனையில் தேறாது. அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடுகிறது.

இதே வாரம் இன்னொரு அப்பா வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியோடு விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகளைத் தினமும் எத்தனை மணிக்கு, யார் வண்டியில் அழைத்துப் போகிறார்கள் என்று இரண்டு வாரப் பதிவைக் கேட்கிறார். பெற்றோர்தான், அடையாள அட்டையும் இருக்கிறது. ஆனாலும் பள்ளி காட்டக் கூடாது. முதல் அம்மா கேட்டது வாசலில் நடந்த ஒரு விபத்து. இவர் கேட்பது இன்னொருவரின் நடமாட்டக் கணக்கு. நீதிமன்றம் கேட்டால் பள்ளி நீதிமன்றத்துக்குக் கொடுக்கும். பதிவு அழியாமலிருக்க அவருடைய வழக்கறிஞர் விரைவாக மனு செய்யலாம். இந்த இரண்டு கோரிக்கைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த தலைமையாசிரியர் இருந்தால் பள்ளிக்கு வழக்கறிஞர் செலவு பாதி மிச்சம்.

பெற்றோரிடம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கும் பள்ளி, தன் வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உண்மையான ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். வாட்ச்மேனுக்கு நேரலை போதும். பழைய பதிவைத் திருப்பிப் பார்க்கும் வசதி தேவையில்லை. திரை வரவேற்பறையில் வருவோர் போவோர் எல்லாரும் பார்க்கும்படி மாட்டப்பட்டிருந்தால் அது தவறான இடம். தாளாளர், அவர் மகன், வேன் பொறுப்பாளர், பழைய அலுவலக உதவியாளர் என்று ஐந்தாறு பேர் கைப்பேசியில் செயலி இருக்கும். வேலையை விட்டுப் போனவரிடமும் இருக்கும். கேமரா மாட்டியவர் போட்ட பாஸ்வேர்டே ஆண்டுக்கணக்கில் இருக்கும். 2025 தொடக்கத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் அறைக்குள்ளிருந்த கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதே வழி திறந்துவிட்டது என்று செய்திகள் வந்தன.

எங்கே கேமரா இருக்கக் கூடாது என்பதில் குழப்பமில்லை. கழிவறையை சிபிஎஸ்இ விதியே விலக்குகிறது. உடை மாற்றும் அறைக்கும் அதே நியாயம்தான். வாசல் கேமரா எதிர்வீட்டு ஜன்னலையும் பிடித்தால், அந்தப் பகுதியை மட்டும் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி அநேகமாக எல்லா டிவிஆரிலும் உண்டு. மாட்ட வருபவரிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஒலிப்பதிவைப் பற்றியும் கேளுங்கள். சிபிஎஸ்இ திருத்தம் ஒலியோடு பதிவு செய்யச் சொல்கிறது. வாசலில் நின்று ஆசிரியரிடம் பிள்ளையின் உடல்நிலையைப் பற்றிப் பேசும் பெற்றோருக்குத் தங்கள் பேச்சும் பதிவாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பாலியல் குற்றம் சம்பந்தப்பட்ட பதிவு என்றால் இந்த நடைமுறை எதுவும் பொருந்தாது. பெற்றோரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவது, ஆசிரியர் கூட்டத்தில் பார்ப்பது எல்லாம் விலக்கு. பிரித்தெடுத்துப் பத்திரப்படுத்தி, உடனே காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம். பாதிக்கப்பட்ட குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று அச்சட்டத்தின் 23ஆம் பிரிவும், சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் சொல்கின்றன. நல்லெண்ணத்தோடு, 'எல்லாரும் எச்சரிக்கையாக இருங்கள்' என்று பகிர்ந்தேன் என்பது அங்கே தப்பிக்கும் வழியாகாது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேமரா எத்தனை என்று கேட்பதைவிட, பார்த்தவர்களின் பதிவேட்டை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு காட்டினாலும் போதும். அப்படி ஒரு நோட்டே இல்லையென்றால், யாரிடம் எழுதிக் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் கொடுப்பது, தலைமையாசிரியர் விடுப்பில் இருந்தால் பதிவைப் பிரித்து வைப்பது யார் என்ற மூன்றையும் சுற்றறிக்கையில் சேர்த்து மறுபடி அனுப்பச் சொல்லலாம்.