எடுத்தான், கண்டான், ஏற்றான், ஏய்த்தான்

திருட்டு, கையாடல், நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல். நான்கிலும் ஒருவருடைய பொருள் இன்னொருவரிடம் நேர்மையில்லாமல் போய்ச் சேர்கிறது. அதனால்தான் சட்ட மாணவர்கள் ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை எழுதிவிடுகிறார்கள்.

நான்கையும் பிரித்து நிறுத்த நான்கு வினைச்சொற்கள் போதும்: எடுத்தான், கண்டான், ஏற்றான், ஏய்த்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, 314, 316, 318 ஆகிய பிரிவுகளின் வரிசையும் இதுவே.

ஒரு கைபேசியை வைத்துப் பார்க்கலாம். மேசையில் இருந்ததைக் கேட்காமல் எடுத்துப் போனால் திருட்டு. சாலையில் கிடந்ததை எடுப்பது மட்டும் குற்றமல்ல. உரியவர் யாரென்று தெரிந்த பிறகும் விற்றுவிட்டால் கையாடல். பழுது பார்க்கக் கொடுத்ததைக் கடைக்காரர் விற்றுவிட்டால் நம்பிக்கை மோசடி. பணம் தரும் எண்ணமே இல்லாமல், ‘நாளை தருகிறேன்’ என்று நம்பவைத்து வாங்கிக்கொண்டால் ஏமாற்றுதல்.

| குற்றம் | பொருள் வந்த வழி | கெட்ட எண்ணம் |
|---|---|---|
| திருட்டு | சம்மதமின்றி, மற்றவர் வசத்திலிருந்து | எடுக்கும்போதே |
| கையாடல் | தற்செயலாக, குற்றமின்றி | பிறகு |
| நம்பிக்கை மோசடி | நம்பி ஒப்படைக்கப்பட்டு | பிறகு |
| ஏமாற்றுதல் | பொய்யை நம்பி அவரே கொடுத்து | தொடக்கத்திலேயே |

கடைசி இரண்டு வரிசைகளில் நீதிமன்றங்களே தடுமாறியிருக்கின்றன. டெல்லி ரேஸ் கிளப்புக்குக் குதிரைத் தீவனம் விற்றவர், பணம் வரவில்லை என்று புகார் கொடுத்தார். நம்பிக்கை மோசடி வழக்கில் சம்மன் போனது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்ற பொருள் வாங்கியவருக்கே சொந்தமாகிவிடுகிறது. அங்கே ஒப்படைப்பு எதுவும் இல்லை. அதாவது ‘ஏற்றான்’ பொருந்தாது. வாங்கும்போதே ஏய்க்கும் எண்ணம் இருந்ததாகவும் காட்டப்படவில்லை. மிஞ்சியது சிவில் வழக்கில் கேட்க வேண்டிய பாக்கி. ஒரே செயல் ஒரே நேரத்தில் நம்பிக்கை மோசடியாகவும் ஏமாற்றுதலாகவும் இருக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. அட்டவணையின் மூன்றாம் பத்தியைப் பார்த்தால் காரணம் விளங்கும்: ஒன்றில் எண்ணம் பிறகு கெடுகிறது, மற்றொன்றில் முதலிலேயே கெட்டிருக்கிறது.

நினைவுச் சொல்லை மட்டும் நம்பினால் சறுக்கும் இடமும் உண்டு. அடகு வைத்த தன் கைக்கடிகாரத்தை, கடனை அடைக்காமல், அடகு பிடித்தவருக்குத் தெரியாமல் எடுத்து வந்தவர் செய்தது என்ன? சொந்தப் பொருள்தானே என்று விட்டுவிடுவார்கள் பலர். சட்டம் அதையும் திருட்டு என்கிறது. அதனால்தான் அட்டவணையின் முதல் வரிசையில் ‘மற்றவருக்குச் சொந்தமான’ என்று எழுதாமல் ‘மற்றவர் வசத்திலிருந்து’ என்று எழுத வேண்டியிருக்கிறது.